6204 பேரிங்கும் ‘தண்ணி ஏறல’யும்: பழைய சாட்டைத் தேட எது உதவும்?

எங்கள் அடுக்ககத்தின் டெலிகிராம் குரூப்பில் ஏழு வருடப் பேச்சு சேர்ந்து கிடக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு லட்சம் செய்திகள். போன மாதம் மோட்டார் பார்க்க வந்தவர் கேட்டார்: “சார், போன தடவை 6203 போட்டாங்களா, 6204 போட்டாங்களா? தெரிஞ்சா கழட்டறதுக்கு முன்னாடியே வாங்கிட்டு வந்துடுவேன்.” 6203 பேரிங்கின் உள்துளை 17 மில்லிமீட்டர், 6204க்கு 20. மாற்றி வாங்கினால் ஒரு நடை வீண். பதில் குரூப்பில்தான் எங்கேயோ இருந்தது. செயலியின் தேடலில் தட்டித் தட்டி வெறுத்துப்போய், மொத்தத்தையும் டெஸ்க்டாப் செயலி வழியாக `result.json` ஆக இறக்கி, சொல்லை வைத்துத் தேடும் சொல் தேடல், பொருளை வைத்துத் தேடும் வெக்டர் தேடல் என்று இரண்டு விதமான தேடலையும் வீட்டுக் கணினியிலேயே கட்டிப் பார்த்தேன்.

முதலில் சொல் தேடல். செய்திகளை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில், உரையைத் தேடுவதற்கென்றே உள்ள எஃப்டிஎஸ்5 அட்டவணையில் போட்டால் போதும், பிஎம்25 என்ற மதிப்பெண் முறை அதிலேயே இருக்கிறது. நீங்கள் கேட்ட சொல் ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது, மொத்தக் குவியலில் அது எவ்வளவு அரிது, ஆவணம் எவ்வளவு நீளம் என்ற மூன்றையும் வைத்து அது வரிசைப்படுத்தும். ‘மோட்டார்’ ஆயிரக்கணக்கான செய்திகளில் வரும், 6204 நாலைந்தில்தான் வரும். அதனால் 6204க்கு எடை கூடும். பேரிங் எண்ணைத் தேட இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

ஆனால் தமிழில் இது முதல் நாளே காலை வாரும். உரையைச் சொற்களாக வெட்ட எஃப்டிஎஸ்5 இயல்பாகப் பயன்படுத்தும் `unicode61` எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. யூனிகோடில் நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் இல்லை, ‘குறி’ வகையில் இருக்கின்றன. ஆகவே அவை அதற்கு இடைவெளி மாதிரி. ‘விலை’ என்பது ‘வ’, ‘ல’ என்று இரண்டு துண்டாகிவிடும். ‘வேலை’யும் அதே இரண்டு துண்டுதான். மோட்டார் விலையைத் தேடினால் வேலைக்கார அம்மா லீவு போட்ட செய்தியெல்லாம் வந்து நிற்கும். பலர் இதைப் பார்த்துவிட்டு “சொல் தேடல் தமிழுக்கு ஆகாது, வெக்டர்தான் வழி” என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தேடலின் குற்றமில்லை, ஒரு வரியில் தீர்கிற விஷயம்:

```sql
CREATE VIRTUAL TABLE msg_fts USING fts5(
  text,
  tokenize = "unicode61 categories 'L* N* Co Mn Mc'"
);
```

உங்கள் அட்டவணை எப்படி வெட்டியிருக்கிறது என்று சந்தேகமிருந்தால் `fts5vocab` வழியாகச் சொற்பட்டியலை எடுத்துப் பாருங்கள். ‘வ’, ‘ல’ போன்ற ஒற்றை எழுத்துகள் வரிசையாக நின்றால் வெட்டு தப்பு.

இன்னொரு பொறி, எஃப்டிஎஸ்5 நீங்கள் தந்த எல்லாச் சொல்லும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். முழு வாக்கியமாகக் கேட்டால் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். சொற்களுக்கு நடுவே `OR` போட்டுத் தர வேண்டும். `6204-ZZ` போல நடுவில் கோடு இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் பிழை காட்டும். வேற்றுமை உருபுக்கு முன்னொட்டுத் தேடல் ஓரளவு உதவும். `வீட*` என்று கேட்டால் வீடு, வீட்டில், வீட்டுக்கு மூன்றும் வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் சொல் தேடல் தோற்கிற இடம் ஒன்று உண்டு. “மாடி டேங்க்குக்குத் தண்ணி ஏறாதப்ப என்ன பண்ணினோம்?” என்று கேட்டேன். நான் தேடிய பதில் செய்தி இது: “கெப்பாசிட்டர் போயிருக்கு, மாத்தியாச்சு.” கேள்வியில் உள்ள ஒரு சொல்கூட அதில் இல்லை. போதாக்குறைக்கு எங்கள் குரூப்பில் பாதிப்பேர் ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்கள். ஒரே தண்ணி `thanni`, `tanni`, `thani` என்று மூன்று வேஷத்தில் வரும். சொல் தேடலுக்கு இவை மூன்றும் ஒன்றுக்கொன்று அந்நியம்.

வெக்டர் தேடல் வருவது இங்கேதான். ஒவ்வொரு துண்டுப் பேச்சையும் ஒரு எம்பெடிங் மாடலிடம் கொடுத்தால் அது ஒரு எண் வரிசையாக்கித் தரும். பொருள் நெருங்கினால் எண் வரிசைகளின் திசையும் நெருங்கும். நான் எடுத்தது `multilingual-e5-small`. அதில் ஒரு வரிசைக்கு 384 எண்கள், எண்ணுக்கு 4 பைட். இரண்டு லட்சம் செய்தியைத் தனித்தனியே மாற்றினாலும் சுமார் 307 மெகாபைட்தான். இந்த அளவுக்குத் தனி வெக்டர் தரவுத்தளம் எதுவும் வேண்டாம். எல்லாவற்றோடும் நேராகப் பெருக்கிப் பார்த்தாலே சாதாரண மடிக்கணினியில் கண் இமைக்கும் நேரத்தில் விடை வந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: இந்த மாடலுக்குக் கேள்வியின் முன்னால் `query: ` என்றும், தேடப்படும் பகுதியின் முன்னால் `passage: ` என்றும் சேர்த்துத் தர வேண்டும். விட்டுவிட்டால் பிழை எதுவும் காட்டாது, விடை மட்டும் மந்தமாகும்.

தண்ணி ஏறாத கேள்விக்கு வெக்டர் கெப்பாசிட்டர் உரையாடலை முதல் ஐந்துக்குள் கொண்டுவந்தது. சரி, இதுவே போதுமே என்று நினைத்து ‘6204 பேரிங்’ என்று கேட்டேன். பேரிங், கிரீஸ், மோட்டார் சத்தம், சீலிங் ஃபேன் என்று எல்லாம் வந்தது. 6203 முன்னால் நின்றது, 6204 எங்கேயோ பின்னால். மாடலுக்கு இரண்டும் ‘ஏதோ ஒரு பேரிங் எண்’, அவ்வளவுதான். ‘தண்ணி வருது’ என்பதற்கும் ‘தண்ணி வரல’ என்பதற்கும் அது தருகிற இடைவெளியும் மிகக் குறைவு. நம் குரூப்பில் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் மொத்தச் சண்டையுமே.

சாட்டுக்கே உரிய தொல்லை ஒன்றும் இருக்கிறது. “சரி, அதையே போடுங்க” என்கிற செய்திக்குத் தனியாக என்ன பொருள்? அதை வெக்டராக்கினால் சம்மதம் என்கிற பொதுப்படையான மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் பத்து நிமிடத்துக்கு மேல் மௌனம் விழும் இடத்தில் வெட்டி, அடுத்தடுத்த செய்திகளை ஒரு உரையாடலாகச் சேர்த்து, அந்த உரையாடலை வெக்டராக்கினேன். மறுநாள் வரும் பதிலைப் பழைய உரையாடலோடு ஒட்ட, எந்தச் செய்திக்கான பதில் என்று குறிக்கும் `reply_to_message_id` உதவியது. நீளமான சண்டைகளை இரண்டு மூன்றாக உடைக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் இந்த மாடல் உரையை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக உடைத்துப் படிக்கும், 512 டோக்கனுக்கு மேல் படிக்காது. தமிழ் டோக்கன்களை வேகமாகத் தின்னும். சொல் தேடலை மட்டும் தனிச் செய்தி அளவிலேயே விட்டேன், எண் இருக்கும் வரியை நேராகக் காட்ட அதுதான் வசதி.

இனி இரண்டையும் சேர்ப்பது. இதிலும் இரண்டு கட்சி இருக்கிறது.

மதிப்பெண்களைக் கூட்டலாம் என்பது ஒரு கட்சி. கேட்க நியாயமாகத் தெரிகிறது. ஆனால் எஃப்டிஎஸ்5 தரும் பிஎம்25 எண் மைனஸில் வரும், எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு நல்லது, எல்லையும் கிடையாது. இ5 மாடலின் ஒற்றுமை எண்ணோ பெரும்பாலும் 0.7க்கும் 1க்கும் நடுவிலேயே அடைந்து கிடக்கும், சம்பந்தமே இல்லாததுகூட 0.7ஐத் தாண்டும். இரண்டையும் 0 முதல் 1 வரை இழுத்துச் சமப்படுத்தலாம்தான். அப்படிச் செய்தால், பட்டியல் முழுக்கக் குப்பையாக இருக்கும் நாளிலும் குப்பையில் முதலாவதுக்கு 1 கிடைத்துவிடும்.

இன்னொரு கட்சி மதிப்பெண்ணையே பார்க்காமல் இடத்தை மட்டும் பார்க்கிறது. கோர்மாக், கிளார்க், பூட்ஷர் மூவரும் 2009இல் முன்வைத்த ஆர்ஆர்எஃப் முறை இது. ஒவ்வொரு பட்டியலிலும் `1/(k + இடம்)` என்று கணக்கிட்டுக் கூட்ட வேண்டும், `k`வுக்கு அவர்கள் வைத்தது 60. நிரல் இவ்வளவுதான்:

```python
def rrf(lists, k=60):
    s = {}
    for ids in lists:
        for r, i in enumerate(ids, 1):
            s[i] = s.get(i, 0) + 1 / (k + r)
    return sorted(s, key=s.get, reverse=True)
```

இரண்டு பட்டியலிலும் இருப்பது ஒரே அலகாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். சொல் தேடலில் கிடைத்த செய்தி எண்ணை அது சேர்ந்த உரையாடல் எண்ணாக மாற்றி, ஒரே உரையாடல் பலமுறை வந்தால் முதல் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிறகு சேர்க்க வேண்டும். இதை முதலில் விட்டுவிட்டேன். எந்த எண்ணும் எதனோடும் பொருந்தாமல், இரண்டு பட்டியலையும் மாற்றி மாற்றி அடுக்கியது போல விடை வந்தது. அப்படி வந்தால் அலகு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

“மோட்டார் சத்தம் போட்டப்ப என்ன பேரிங் மாத்தினோம்?” என்ற கேள்வியைப் பாருங்கள். சொல் பட்டியலில் முதலில் நின்றது ஒருவருடைய ஃபேன் பேரிங் புலம்பல். வெக்டர் பட்டியலில் முதலில் நின்றது, ராத்திரி மோட்டார் சத்தத்தில் தூக்கம் போன புகார். நான் தேடிய உரையாடல் முதலாவதில் 4ஆவது, இரண்டாவதில் 7ஆவது. கணக்கு: 1/64 + 1/67 = 0.0306. ஒரே பட்டியலில் மட்டும் முதலிடம் பிடித்தவற்றுக்கு 1/61 = 0.0164. இரண்டு பேரும் ‘இருக்கட்டும்’ என்று சொன்னது மேலே வந்துவிட்டது. இத்தகைய மங்கலான கேள்விக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

ஆனால் அதே கணக்கு கெடுக்கவும் செய்யும். இரண்டிலும் 60ஆவதாக வந்த உரையாடலுக்கு 2/120 = 0.0167. ஒன்றில் முதலாவதாக வந்ததை அது முந்திவிடுகிறது! ஒவ்வொரு பட்டியலிலும் முதல் 50ஐ மட்டும் எடுத்து, `k`வை 10 ஆக்கினேன். இப்போது முதலிடத்துக்கு 1/11 = 0.0909. இரண்டிலும் 50ஆவதுக்கு 2/60 = 0.0333 மட்டுமே.

அப்புறமும் ‘6204 பேரிங்’ சரியாகவில்லை. 6204 உரையாடல் சொல் பட்டியலில் முதலிடம், வெக்டரின் முதல் 50இல் இல்லவே இல்லை, ஆக 0.0909. 6203 உரையாடல் ‘பேரிங்’ என்ற சொல்லால் 5ஆவது, வெக்டரில் 2ஆவது, ஆக 1/15 + 1/12 = 0.15. தவறான எண் சரியான எண்ணை அடித்துவிட்டது. `k`வை 1க்கும் கீழே இறக்கினாலொழிய இது தீராது, அப்படி இறக்கினால் முந்தைய மோட்டார் சத்தக் கேள்வி கெட்டுவிடும். அதனால் கேள்வியில் எண் வந்தால், அது உள்ள உரையாடல்களை மட்டும் முதலில் பிரித்தெடுத்து, அதற்குள் மட்டும் வெக்டரை வரிசைப்படுத்த விட்டேன். என் கட்சி இதுதான்: எண்ணோ மாடல் குறியோ உள்ள கேள்விக்குச் சொல் தேடலே எஜமான், மற்றதற்கெல்லாம் இடக்கணக்கு. பிளாட் எண், பில் எண், தேதி எல்லாவற்றுக்கும் இதே விதி ஓடுகிறது.

6204தான். மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். போன தடவை என்ன விலை கொடுத்தோம் என்பதை மட்டும் இன்னும் சொல்ல முடியவில்லை. “பில் போட்டிருக்கேன், பாருங்க” என்ற செய்தி முதலாவதாகவே கிடைத்தது. அதற்குக் கீழே இருந்தது ஒரு போட்டோ, நான் ஏற்றுமதி செய்தபோது படங்களைச் சேர்க்காமல் விட்டிருந்தேன்.