மொத்தக் கடிகாரமா, கேள்விக்கொரு கடிகாரமா: ஆப்டிட்யூட் தேர்வில் எதற்கு எப்படி ஓடுவது

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்து கோயம்புத்தூர் கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்கும் பையன்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, எது கஷ்டம், எஸ்எச்எல்-ஆ, டேலன்ட் க்யூவா?" இரண்டும் கம்பெனிகள் ஆள் எடுக்க வைக்கும் ஆன்லைன் ஆப்டிட்யூட் தேர்வுகள். கணக்கு இரண்டிலும் சதவீதம், விகிதம், அட்டவணை வாசிப்பு என்று பத்தாம் வகுப்பைத் தாண்டாது. வித்தியாசம் கடிகாரத்தில்தான் இருக்கிறது.

எஸ்எச்எல்லின் பழைய பட்டதாரி நியூமரிக்கல் தேர்வில் 25 நிமிடத்துக்கு 18 கேள்விகள், ஒன்றுக்குச் சராசரியாக 83 நொடி. ஒரு கேள்வியில் மிச்சம் பிடித்ததை இன்னொன்றில் செலவழிக்கலாம். கார்ன் ஃபெரியின் டேலன்ட் க்யூ எலிமென்ட்ஸில் 12 கேள்விதான், ஆனால் ஒரு அட்டவணையின் முதல் கேள்விக்கு 90 நொடி, அடுத்தடுத்தவற்றுக்கு 75 நொடி. மிச்சம் பிடித்த நொடி அடுத்த கேள்விக்கு வராது. போதாக்குறைக்கு நீங்கள் சரியாகப் போட்டால் அடுத்தது கடினமாகும், அதனால் "போகப் போகக் கஷ்டமா இருக்கே, சொதப்பிட்டோமோ" என்று பதற வேண்டியதில்லை. (அழைப்பு மின்னஞ்சலில் என்ன எண்ணிக்கை, எவ்வளவு நேரம் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு, ஒரே நிறுவனமே பல வடிவம் வைத்திருக்கிறது.)

மொத்தக் கடிகாரத்தில் நான் சொல்வது மூன்று மைல்கல்: 8 நிமிடத்தில் 6, 16 நிமிடத்தில் 12, 24 நிமிடத்தில் 18. ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரத்தைப் பார்த்தால் அதிலேயே நேரம் போய்விடும், இந்த மூன்று இடத்தில் பார்த்தால் போதும். 30 நொடி ஆகியும் எந்த வரிசையை எடுப்பது என்றே புரியவில்லையா, ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள். முந்தைய கேள்விக்குத் திரும்பும் பொத்தான் இருக்கிறதா என்பதை முன்னாடி வரும் மாதிரிக் கேள்வியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே பழக்கத்தோடு கேள்விக்கொரு கடிகாரத்துக்குப் போய்த்தான் நான் முதல் தடவை மாட்டினேன். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டேன், அந்த அப்புறம் வரவே இல்லை. அங்கே செய்ய வேண்டியது வேறு: முதல் கேள்வியின் 90 நொடியில் 20 நொடியை அட்டவணையின் தலைப்பு, அலகு, அடிக்குறிப்பு பார்க்கவே ஒதுக்குங்கள், அடுத்த கேள்விகளுக்கு அது மூலதனம். 15 நொடி மிச்சம் என்றால் கணக்கை நிறுத்திவிட்டு, கிட்டத்தட்ட சரியாகத் தோன்றும் விடையைக் குறித்துவிடுங்கள்.

சரி, ஒரு கணக்கு. வேலந்தாவளம் சந்தையில் ஒரு கடைக்குப் போன வருடம் 4,180 பெட்டி தக்காளி, இந்த வருடம் 4,890 என்று வைத்துக்கொள்வோம். உயர்வு எத்தனை சதவீதம்? விடைகள் 14.5, 17, 19.5, 22. வித்தியாசம் 710. 4,180-இல் பத்து சதவீதம் 418, போனால் மிச்சம் 292; ஐந்து சதவீதம் 209, போனால் மிச்சம் 83; இரண்டு சதவீதம் 83.6. ஆக 17. கால்குலேட்டரைத் தொடாமலே 25 நொடிக்குள் முடியும். அவசரத்தில் 710-ஐப் புது எண்ணான 4,890-ஆல் வகுத்தால் 14.5 வரும், அதையும் முதல் விடையாகவே வைத்திருக்கிறார்கள் பாருங்கள். நீங்கள் போட்ட தப்பு விடை பட்டியலில் இருப்பதால் "சரிதான்" என்று நகர்ந்துவிடுவீர்கள். அதனால் என் பங்கீடு இது: பெருக்கல் வகுத்தலை இரண்டாம் முறை சரிபார்க்காதீர்கள், எதால் வகுக்கிறோம் என்பதை மட்டும் ஐந்து நொடி பாருங்கள். விடைகள் எல்லாம் ஒரு சதவீதத்துக்குள் நெருக்கமாக இருந்தால் மட்டும் கால்குலேட்டர்.

பத்தியைப் படித்து, கூற்று சரியா, தவறா, சொல்ல இயலாதா என்று குறிக்கும் வெர்பல் கேள்விகளில் கடிகாரத்தைவிட நம் ஊர் அறிவுதான் எதிரி. பத்தி இப்படி என்று வைப்போம்: "எல்லையில் வணிகவரிச் சாவடி இருந்தபோது லாரிகள் மணிக்கணக்கில் நின்றன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் அந்தச் சாவடி மூடப்பட்டது." கூற்று: "இப்போது லாரிகள் எல்லையில் நிற்பதே இல்லை." வாளையாறு வழியாகப் போய்வரும் நமக்கு வேறு சோதனைகள் தெரியும், உடனே "தவறு" என்று குத்துவோம். பத்தி அதைப் பேசவே இல்லை, எனவே "சொல்ல இயலாது". டேலன்ட் க்யூ வெர்பலில் ஒரு பத்தியின் முதல் கேள்விக்கு 75 நொடி, பிறகு 60. மொத்தக் கடிகாரத்தில் கூற்றை முதலில் படித்துவிட்டுப் பத்தியில் தேடலாம், இங்கே பத்தியை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவதுதான் லாபம், ஏனென்றால் அடுத்த கேள்விகளும் அதே பத்தியிலிருந்துதான் வரும்.

எனக்குப் பிடித்தது எது என்றால் மொத்தக் கடிகாரம்தான், தடுமாறினாலும் ஈடுகட்ட இடம் இருக்கிறது. ஆனால் ஒரே கணக்கில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிடும் ஆளுக்கு, என் தம்பி அப்படித்தான், கேள்விக்கொரு கடிகாரமே நல்லது. அது அவனைக் கையைப் பிடித்து இழுத்து அடுத்ததில் விட்டுவிடும்.