சைடுகார் எந்தப் பக்கம்? இடம் கண்டுபிடிக்கும் விளையாட்டு: நீண்ட நாள் சந்தாதாரரின் அனுபவம்

ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், சந்தா விலையை ஏத்திட்டாங்களாமே, புதுசா சேரலாமா வேணாமா?" வாட்ஸப்பில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. உலகத்தில் ஏதோ ஒரு தெருவின் படம் வரும், அது எங்கே என்று வரைபடத்தில் குத்த வேண்டும். செடி, மின்கம்பம், சாலைக் கோடு என்று ஆளாளுக்கு ஒரு துப்பு பிடித்துக்கொள்வார்கள். நான் காட்பாடியில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். மின்கம்பத்தைப் பார்த்து நாடு சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. என் கண் வண்டிக்குத்தான் போகும்.

வண்டியை மட்டும் பார்த்து விளையாட முடியுமா என்றால், முடியும். ஆனால் வண்டியின் கம்பெனி பெயர் பெரிய உதவி செய்யாது. வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா என்று எல்லா இடத்திலும் ஒரே ஜாடையில், முன்னால் கால் விட்டு ஏறும் வண்டிகள். ஹோண்டா வேவ் மாதிரி. ஆப்பிரிக்காவுக்குப் போனால் நம்ம பஜாஜ் பாக்ஸரும், ஓசூர்க்காரர்களின் டி.வி.எஸ். வண்டிகளும் வரிசைகட்டி நிற்கும். முதல் தடவை பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது, அப்புறம் எரிச்சல்தான். உகாண்டாவா, கென்யாவா என்று அந்த வண்டி எனக்குச் சொல்லவே இல்லை.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த துப்பு, பைக்கின் பக்கத்தில் ஒட்டிக் கட்டும் சைடுகார். இந்த ஒன்றுக்காகவே சந்தா கட்டிய காலம் உண்டு.

சைடுகாரைப் பொதுவாகச் சாலை ஓரத்துப் பக்கம்தான் பொருத்துவார்கள். இடதுபுறம் ஓட்டும் நாட்டில் வண்டிக்கு இடது பக்கம், வலதுபுறம் ஓட்டும் நாட்டில் வலது பக்கம். காரணம் எளிது. உள்ளே இருப்பவர் போக்குவரத்துக்கு நடுவில் இறங்கக் கூடாது. ஓட்டுபவரும் சாலை நடுவை ஒட்டி உட்கார்ந்தால்தான் முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று பார்க்க முடியும். அதனால் தெருவே காலியாக இருந்து, ஒரே ஒரு சைடுகார் வண்டி சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் அந்த ஊரில் எந்தப் பக்கம் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பக்கத்தை ஓட்டுபவர் இருக்கையில் நாமே உட்கார்ந்திருப்பதாக நினைத்துச் சொல்ல வேண்டும். நம்மை நோக்கி வரும் வண்டியில் இடம் வலம் மாறித் தெரியும். அவசரத்தில் பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரு சுற்றைச் சொல்கிறேன். மழை விட்ட ஒரு சந்தைத் தெரு. நகரக் கூடாது, நின்ற இடத்தில் சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். பலகைகள் எல்லாம் தார்ப்பாய்க்குப் பின்னால். வண்டிகள் முழுக்க அந்த ஒரே ஜாடை வண்டிகள். ஹெல்மெட் சிலர் தலையில் இருக்கிறது, சிலர் தலையில் இல்லை. ஆறு நாடுகளில் எதுவாகவும் இருக்கலாம். தூரத்தில் முதுகைக் காட்டியபடி ஒரு வண்டி. அதன் இடது பக்கம் தட்டையான ஒரு மேடை, அதில் அடுப்பு, கண்ணாடிப் பெட்டி, மடக்கிய பெரிய குடை. தள்ளுவண்டிக் கடையையே பைக்கில் கட்டி ஓட்டிக்கொண்டு போகிறார். இடது பக்கம் என்றதும் வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றும் அவுட். மூன்றிலும் வலதுபுறம்தான் ஓட்டுகிறார்கள். மீதி தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா.

அப்புறம் முகப்பைக் காட்டி நிறுத்தியிருந்த வண்டிகளைப் பார்த்தேன். ஒன்றிலும் முன்பக்கம் நம்பர் பிளேட் இல்லை. இந்தோனேசியாவில் நம்மைப் போலவே முன்னும் பின்னும் பிளேட் இருக்கும், தாய்லாந்தில் பின்னால் மட்டும்தான். இந்தோனேசியாவும் போனது. மீதி மலேசியாவா, தாய்லாந்தா என்றால், இப்படிச் சாப்பாட்டுக் கடையைச் சைடுகாரில் ஏற்றித் தெருத்தெருவாகப் போவது தாய்லாந்தில் சர்வசாதாரணம், அங்கே அதைச் சாலெங் என்பார்கள். தாய்லாந்தைக் குத்தினேன், சரி. எந்த மாகாணம் என்று மட்டும் சைடுகார் சொல்லவில்லை. நடுவில் குத்திவிட்டேன், இடம் வடகிழக்கு மூலையில் இருந்தது. நாடு சரியாகியும் பாதிப் புள்ளி போச்சு.

இதையே பிலிப்பைன்ஸில் பாருங்கள். அங்கே ஆட்கள் போகும் டிரைசைக்கிள் என்பது பைக்கின் வலது பக்கம் கூரையோடு கூடிய ஒரு கூண்டு. வலதுபுறம் ஓட்டும் நாடு, கணக்கு சரியாக இருக்கிறது. கூண்டின் வடிவம் ஊருக்கு ஊர் மாறும். சில ஊரில் கூரை பைக் ஓட்டுபவரையும் சேர்த்து மூடும், சில ஊரில் உள்ளே இருப்பவருக்கு மட்டும். பகாடியான் என்ற மலைச்சரிவு ஊரில் கூண்டையே முன்பக்கம் தூக்கி, சுமார் 40 டிகிரி சாய்வில் கட்டுவார்கள். அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் வரைபடத்தில் அந்த ஊர் மேலேயே குத்திவிடலாம். அந்தக் கூண்டுகளுக்கு அடியில் சில நேரம் நம்ம பஜாஜ் சி.டி. 100 இருக்கும். பிலிப்பைன்ஸில் அது கவாஸாகி கடைகளில் விற்ற வண்டி. நம் பக்கம் பால்காரர் ஓட்டும் வண்டி அங்கே ஒரு குடும்பத்தையே இழுக்கிறது. அந்தப் படத்தைக் கடையில் மெக்கானிக் பையன்களுக்குக் காட்டினால் முதலில் கேட்டது, "கிளட்ச் பிளேட் எத்தனை நாள் தாங்கும்ணா?"

இந்தத் துப்பு தோற்கும் இடங்களும் உண்டு. இந்தோனேசியாவின் மேடான், சியாந்தர் ஊர்களில் சைடுகார் இடது பக்கம், சரியாக வேலை செய்யும். சியாந்தரில் பழைய பி.எஸ்.ஏ. இங்கிலாந்து வண்டிகளையே அதற்கு வைத்திருக்கிறார்கள், பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் அதே நாட்டின் கொரொந்தாலோ, மக்காசார் பக்கம் பயணிகள் பெட்டி பைக்குக்கு முன்னால் இருக்கும். கம்போடியாவில் பைக்குக்குப் பின்னால் தனி வண்டியாக இழுத்துப் போவார்கள். முன்னாலும் பின்னாலும் இருப்பதற்கு ஏது இடம் வலம்?

நண்பர்கள் அனுப்பும் படங்களில் இன்னொரு வில்லங்கம், படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிவிடுவார்கள். அதற்கு என் கடை அறிவு உதவுகிறது. இன்றைய சாதாரண பைக்கில் பெரும்பாலும் செயின், கியர், சைடு ஸ்டாண்ட் மூன்றும் இடது பக்கம். சைலன்சர், கிக்கர், பின் பிரேக் வலது பக்கம். சைடுகார் இடது பக்கம் தெரிந்தால், மறைக்காத மறுபக்கத்தில் சைலன்சரும் கிக்கரும் தெரிய வேண்டும். அங்கே செயின் கவரும் கியர் லீவரும் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது, அது தாய்லாந்து இல்லை, பெரும்பாலும் பிலிப்பைன்ஸ். பழைய புல்லட்டுக்கு இந்தச் சோதனை செல்லாது. அதற்குக் கியர் வலது பக்கம்.

ஹெல்மெட்டை நான் சைடுகார் அளவுக்கு நம்புவதில்லை. 2007 டிசம்பர் 15 முதல் வியட்நாமில் எல்லாச் சாலையிலும் கட்டாயம். நகரத்தில் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவர் தலையிலும் காதை மூடாத அரை ஹெல்மெட் இருந்தால் வியட்நாமை நினைக்கலாம். ருவாண்டா பைக் டாக்ஸியிலும் பின்னால் ஏறுபவருக்கு ஹெல்மெட் கொடுப்பார்கள், பக்கத்து உகாண்டாவில் அவ்வளவு ஒழுங்கு இல்லை. ஆனால் இந்தப் பழக்கம் தெருவுக்குத் தெரு மாறும். நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது ஹெல்மெட் வாங்கக் கடை வாசலில் வரிசை நின்றது. இன்று பைபாஸில் தலையில் இருக்கும் ஹெல்மெட், சத்துவாச்சாரி உள்தெருவுக்கு வந்ததும் டேங்க் மேல் ஏறிவிடும். அந்த ஒரு தெருவின் படத்தை வைத்து இந்தியாவில் ஹெல்மெட் சட்டமே இல்லை என்று எவனாவது வெளிநாட்டுக்காரன் எழுதியிருப்பான்.

இப்போது என் தீராத எரிச்சலுக்கு வருகிறேன். அந்த மங்கலாக்கும் வேலை. முகத்தையும் நம்பர் பிளேட்டையும் மறைப்பது நியாயம், என் முகமும் எங்கோ இருக்கும். ஆனால் இயந்திரம் போடும் மங்கல் முகத்தோடு நிற்பதில்லை. ஹெல்மெட்டின் பாதியை முழுங்கும். கியர் லீவர் இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் பூச்சு. ஃப்ளெக்ஸ் பேனரில் சிரிக்கும் தலைவர் முகத்தையும் மறைத்துவிடும், ஊரே பார்க்க வேண்டும் என்று வைத்த முகம் அது! விளையாட்டு நடத்துபவர்களைக் குறை சொல்லவும் முடியாது, படம் அவர்களுடையது இல்லை. பிளேட்டின் எழுத்து போனாலும் நிறமும் வடிவமும் பெரும்பாலும் மிஞ்சும், அதை வைத்துத்தான் ஓட்டுகிறேன். இந்தோனேசியாவின் பழைய கறுப்பு பிளேட், நேபாளத் தனியார் வண்டியின் சிவப்பு பிளேட் இரண்டும் மங்கலிலும் தெரியும்.

நண்பனுக்கு ஒரு பரீட்சையும் வைத்தேன். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவை நானே படம் எடுத்து, ஊர் பெயர் தெரியும் இடங்களை வெட்டிவிட்டு அவன் குழுவுக்கு அனுப்பச் சொன்னேன். லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை எல்லாவற்றிலும் வங்காள எழுத்து. சிகிச்சைக்கு வருகிறவர்களுக்காக வைத்தது. எல்லோரும் கொல்கத்தா என்றார்கள், ஒருவர் டாக்கா என்றார். வண்டிகளில் சாரி கார்டு இருந்ததைக் கவனித்திருந்தால் டாக்காவைச் சொல்லத் தயங்கியிருப்பார். பின்சக்கரத்தின் இடது பக்கம் சேலை சிக்காமல் இருக்கும் அந்தக் கம்பித் தடுப்பை இந்தியாவில் சட்டமே கேட்கிறது. படத்தின் ஓரத்தில் ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். நின்றது. ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு சிப்பம் அரிசி, பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே இரண்டு கேஸ் சிலிண்டர். எக்ஸ்.எல். ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் ஓடும், அதை மட்டும் வைத்து வேலூர் என்று சொல்ல முடியாது. ஆனால் கொல்கத்தா என்று குத்தப்போன விரலை அது தெற்கே இழுத்திருக்க வேண்டும். எழுத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் வண்டியை யாரும் பார்ப்பதில்லை.

சரி, சந்தா. இவ்வளவு சொல்லிவிட்டு இதைச் சொல்வது உனக்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் வாங்காதே. விலை ஏறிய பிறகு இலவசமாக ஆட விடும் அளவையும் குறைத்துவிட்டார்கள். கேட்டு எழுதினால் அச்சடித்த பதில் வருகிறது. பிலிப்பைன்ஸ் டிரைசைக்கிளையும் தாய்லாந்துச் சாலெங்கையும் பார்க்க வரைபடத்தைத் திறந்து தெருவுக்குள் இறங்கினால் போதும், காசு கேட்க மாட்டார்கள். என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. தானாகப் புதுப்பிக்கும் பொத்தானை நேற்று அணைத்துவிட்டேன். ராத்திரி ஆட்டத்தில் மேடான் தெரு ஒன்று வந்தது, இடது பக்கம் சைடுகார். முழுப் புள்ளிக்குக் கொஞ்சம்தான் குறைவு. பொத்தானை இன்னும் போடவில்லை, மாதம் முடியட்டும் பார்க்கலாம். நீ மட்டும் வாங்காதே.