கர்ப்ப காலத்தில் நீர்க்கடுப்பு: நைட்ரோஃப்யூரான்டாயினா, செஃபலெக்சினா?

ஐந்தாம் மாதம் எனக்கு லேசான எரிச்சல். யூரின் கல்ச்சரில் ஈ.கோலை என்ற கிருமி. ரிப்போர்ட்டில் இரண்டு மருந்துக்கும் எதிரே ‘எஸ்’ இருந்தது. அதாவது இரண்டுமே வேலை செய்யும். டாக்டரிடம் பேசி நைட்ரோஃப்யூரான்டாயின் எடுத்துக்கொண்டேன்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமாக்ஸிசிலின் போன்ற பெனிசிலின் வகையும் செஃபலோஸ்போரின் வகையும் கர்ப்பிணிகளுக்கு வெகுகாலமாகக் கொடுக்கப்படுபவை. டாக்ஸிசைக்ளின் குழந்தையின் பல்லில் கறை ஏற்படுத்தும். சிப்ரோஃப்ளாக்சசினையும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அமாக்ஸிசிலினை ஈ.கோலை பல நேரம் சட்டை செய்வதில்லை, அதனால் கல்ச்சர் பார்க்காமல் அதை நம்ப முடியாது.

செஃபலெக்சினை எந்த மாதத்திலும் கொடுக்கலாம், பிரசவம் நெருங்கினாலும் கூட. பெனிசிலின் கடுமையாக ஒவ்வாமல் போனவர்கள் மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு வேளை வரை எழுதுவார்கள். நைட்ரோ 100 மில்லிகிராம், மெதுவாகக் கரையும் வகை, காலையும் இரவும் சாப்பாட்டோடு. ஐந்து முதல் ஏழு நாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சிறுநீர் பழுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை.

நைட்ரோவுக்கும் எல்லை உண்டு. முதல் மூன்று மாதத்தில் வேறு நல்ல வழி இருந்தால் அதைத்தான் பார்ப்பார்கள். பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் கூடாது. பிறக்கும் குழந்தையின் சிவப்பணுக்கள் சிதையலாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. இந்த மருந்து சிறுநீரில்தான் சேரும், சிறுநீரகத் திசுவுக்குள் போதிய அளவு போகாது. குளிர்காய்ச்சலும் விலாவலியும் வந்துவிட்டால் இது உதவாது, ஆஸ்பத்திரியில் ஊசிதான்.

ஒரே வேளையில் முடிகிற ஃபோஸ்ஃபோமைசின் பொடியும் இருக்கிறது. நான் குடித்ததில்லை, அதனால் ஒப்பிடவில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது, எதைக் கடைசி மாத்திரை வரை விடாமல் போடுவேன் என்பதே. காலை, இரவு என இரண்டே வேளை எனக்கு எளிது. இரண்டாம் நாளே எரிச்சல் அடங்கிவிடும், அதோடு நிறுத்திவிடத் தோன்றும். கிருமி குறைந்தாலே அடங்கும், தீர வேண்டியதில்லை. சாதாரண நாளில் மிச்சத்தை உடம்பே கழுவிவிடக்கூடும். கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்துகிறது, கருப்பையும் அழுத்துகிறது. சிறுநீர் தேங்குகிறது, மிச்சமிருக்கும் கிருமி மேலே சிறுநீரகத்துக்கு ஏறுகிறது. அது குறைமாதப் பிரசவம் வரை இழுத்துவிடலாம். சிலருக்குக் கிருமி இருந்தும் எரிச்சலே இருக்காது. அவர்கள் ‘சரியாகிவிட்டது’ என்று எதை வைத்துச் சொல்வார்கள்?

மாத்திரை போட்டதும் வாந்தியில் வந்துவிட்டால் அந்த வேளையை என்ன செய்வது என்று டாக்டரைக் கேளுங்கள். உடம்பில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால், கோர்ஸ் முடியட்டும் என்று காத்திருக்காமல் நிறுத்திவிட்டு உடனே ஓடுங்கள். எல்லாம் ஒழுங்காக முடிந்தால், ஓரிரு வாரம் கழித்து முதல் சொட்டுகளை விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடித்து மறுபடி கல்ச்சர் கொடுக்க வேண்டும்.