ஃபீடர் விழவேண்டிய இடத்தில் மெயின் விழுந்தது: பிரேக்கர் வளைவுகளோடு சில வருட அனுபவம்

ஒரு தனியார் மருத்துவமனையின் மின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறேன். 11 கேவி சப்ளை, 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், அதன் கீழே மெயினாக 1600 ஆம்பியர் ஏசிபி என்ற பெரிய பிரேக்கர், அதிலிருந்து ஒவ்வொரு பிளாக்குக்கும் எம்சிசிபி என்ற நடுத்தரப் பிரேக்கரோடு ஃபீடர்கள், கடைசியில் டிபி என்ற விநியோகப் பெட்டிகளில் எம்சிபி என்ற சின்னப் பிரேக்கர். ஈ.பி. போனால் 500 கேவிஏ டிஜி, அதாவது டீசல் ஜெனரேட்டர், வரும். ஊரில் பாதி மருத்துவமனைகளில் இதே அமைப்புதான் இருக்கும்.

பேனல் வந்தபோதே, எத்தனை ஆம்பியரில் எத்தனை நேரத்தில் விழும் என்று காட்டும் பிரேக்கர்களின் டைம்-கரண்ட் வளைவுகளை ஒரே லாக் தாளில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கும். எம்சிபி இடது ஓரம், எம்சிசிபி நடுவில், ஏசிபி வலது மேலே. ஒன்றை ஒன்று தொடவில்லை. ஓவர்லோடுக்கும் ஃபேஸ் ஷார்ட்டுக்கும் அது சரியான தாள்தான். ஏசிபியில் ஷார்ட் ட்ரிப் தொடங்கும் கரண்ட்டான Isd 8000 ஆம்பியரைத் தாண்டி இருந்தது, அதற்குக் காத்திருக்கும் நேரமான tsd 0.3 நொடி, உடனடி ட்ரிப் ஆஃப். 250 ஆம்பியர் எம்சிசிபியை உடனே விழவைக்கும் காந்த ட்ரிப் 2500 ஆம்பியர் வாக்கில். இடைவெளி தாராளம். ஆனால் அந்தத் தாளில், ஃபேஸ் எர்த்தைத் தொடும் எர்த் ஃபால்ட்டுக்கான வளைவு இல்லை. எங்களை இருட்டில் தள்ளியது அதுதான்.

லாண்டரி டிபிக்குப் போகும் கேபிளின் கிளாண்டில் ஈரம் இறங்கி, ஆர் ஃபேஸ் கேபிளின் உலோகக் கவசமான ஆர்மரைத் தொட்டது. டிபிக்குள் இருக்கும் எம்சிபிகளுக்கு முன்னாலேயே ஃபால்ட், அதனால் அவை தலையிட வழியில்லை. விழவேண்டியது லாண்டரியின் 250 ஆம்பியர் எம்சிசிபி. விழுந்தது மெயின் ஏசிபி. அதன் ரிலீஸின் ட்ரிப் பதிவில் எர்த் ஃபால்ட்டைக் குறிக்கும் Ig என்றும் சுமார் 900 ஆம்பியர் என்றும் இருந்தது.

அந்த எண்ணை வைத்துத் தாளில் 900-இல் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் விஷயம் புரிந்துவிடும். கீழிருந்து மேலே போகும்போது கோடு முதலில் எந்த வளைவைத் தொடுகிறதோ அந்தப் பிரேக்கர்தான் முந்தும். எம்சிசிபிக்கு 900 என்பது அதன் மதிப்பில் மூன்றரை மடங்கு. காந்த ட்ரிப்புக்குப் போதாது, வெப்ப ட்ரிப்புக்கு அரை நிமிடம் வாக்கில் வேண்டும். மெயினின் எர்த் ஃபால்ட் செட்டிங்கோ 320 ஆம்பியர், 0.1 நொடி. பேனல்காரர் டயலைக் குறைந்தபட்சத்தில் விட்டுப் போயிருந்தார். எந்த ஃபீடரில் ஆயிரம் ஆம்பியர் அளவில் எர்த் ஃபால்ட் வந்தாலும் மெயின்தான் விழும் என்பது முதல் நாளிலிருந்தே உறுதியாகியிருந்த விஷயம்.

அப்புறம் நடந்தது இன்னும் மோசம். மெயின் விழுந்ததும், எல்லா ஃபீடரும் கிளம்பும் பஸ்ஸில் வோல்டேஜ் இல்லை என்று, டிஜியைத் தானாகக் கிளப்பும் ஏஎம்எஃப் பேனல் பார்த்தது, ஈ.பி. போனதாகவே நினைத்து டிஜியை ஓடவிட்டு, பிரேக்கரைப் போட்டது. லாண்டரி எம்சிசிபி இன்னும் ஆனில் இருக்கிறது. ஃபால்ட்டும் அங்கேயே இருக்கிறது. டிஜியும் எர்த் ஃபால்ட்டில் விழுந்தது. ஐசியு யுபிஎஸ்ஸில் நின்றது. கீழே எல்லா ஃபீடரையும் ஆஃப் செய்து, ஒவ்வொன்றாக மெகர் என்ற இன்சுலேஷன் மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் லாண்டரியைக் கண்டுபிடித்தோம். எந்த ஃபீடர் என்று காட்ட ஒரு கொடியும் விழவில்லை என்பதுதான் நேரத்தைத் தின்றது.

சரி, மெயினின் Ig-ஐ உயர்த்திவிட்டால் போதாதா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். போதாது. எம்சிசிபியின் காந்த ட்ரிப்பைத் தாண்ட வேண்டுமென்றால் 3000 ஆம்பியருக்கு மேல் போக வேண்டும். மெயின் பஸ்ஸிலேயே ஆர்க்குடன் ஒரு எர்த் ஃபால்ட் வந்தால் அந்தக் கரண்ட் பல சமயம் அதற்கும் கீழேதான் நிற்கும். பேனல் எரியும், ஏசிபி பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் ஃபீடருக்கே எர்த் ஃபால்ட் அறிவு கொடுப்பதுதான் வழி. அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 517.17 பிரிவு இதையே சொல்கிறது: மருத்துவமனையில் மெயினுக்கு எர்த் ஃபால்ட் பாதுகாப்பு இருந்தால் அடுத்த நிலை ஃபீடர்களுக்கும் இருக்க வேண்டும். நமக்கு அது சட்டம் இல்லை, ஆனால் காரணம் அங்கும் இங்கும் ஒன்றுதான்.

பெரிய ஃபீடர்களை எலெக்ட்ரானிக் ரிலீஸ் உள்ள எம்சிசிபிகளாக மாற்றினோம். 250 ஆம்பியருக்கு Ig 100 ஆம்பியர், அதற்குக் காத்திருக்கும் நேரமான tg 0.1 நொடி. மெயினில் Ig 640 ஆம்பியர், tg 0.4 நொடி. நடுவில் 0.3 நொடி இருக்கிறது. ஃபீடர் திறந்து முடிக்க அது தாராளம். டிபிக்களில் கசிவைப் பார்த்து வெட்டும் ஆர்சிசிபி இருப்பதால் சாதாரணக் கசிவு அங்கேயே வெட்டுப்படும், ஃபீடர் வரை வராது. கூடவே, மெயின் ஏசிபி ஃபால்ட்டில் விழுந்தால் டிஜி பிரேக்கர் போடக் கூடாது என்று ஒரு லாக்-அவுட் வயர் இழுத்தோம். மொத்தச் செலவில் மிக மலிவான பகுதி அந்த வயர்தான். அதற்குப் பிறகு கிச்சன் ஃபீடரில் ஒரு எர்த் ஃபால்ட் வந்தது. அந்த ஃபீடர் மட்டும் விழுந்தது. கிச்சனில் இருந்து போன் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

இதைச் செய்யும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது: தாள் முழுக்க டிரான்ஸ்ஃபார்மரை நம்பி வரைந்தது. 5 சதவீத இம்பிடன்ஸில் அது பஸ்ஸில் 26 கிலோ ஆம்பியருக்கு மேல் கொடுக்கும். டிஜி அப்படி இல்லை. ஷார்ட் ஆன முதல் சில சைக்கிளில் 6 கிலோ ஆம்பியர் வாக்கில் வரும், பிறகு சரிந்து முழு லோடின் மூன்று மடங்கில், அதாவது 2100 ஆம்பியரில், நிற்கும். லிஃப்ட்டுக்கும் ஏசி காற்றைத் தள்ளும் ஏஎச்யுவுக்கும் போகும் 400 ஆம்பியர் ஃபீடருக்குக் காந்த ட்ரிப் 4000. கேபிளின் கோடியில் ஷார்ட் ஆனால் அந்தக் காந்த ட்ரிப் தொடங்கவே தொடங்காது, டிஜி பிரேக்கர் முந்திக்கொள்ளும். இப்போது அந்த ஃபீடரின் Isd 1200, tsd 0.1, டிஜி பிரேக்கர் 1740 ஆம்பியரில் 0.4 நொடி பொறுக்கும். டிஜி வளைவுகளுக்குத் தனித் தாள் போட்டுத் தரச் சொல்லுங்கள், ஒரே தாளில் இரண்டையும் திணித்தால் யாருக்கும் புரியாது.

தாளால் தீராத இடமும் உண்டு. எம்சிசிபியும் எம்சிபியும் இரண்டும் உடனடியாக ட்ரிப் ஆகும் பகுதியில், 10 மில்லிநொடிக்குக் கீழே, வளைவு எதையும் சொல்லாது. எம்சிபி கரண்ட்டை உச்சம் தொடவிடாமல் கட்டுப்படுத்துவதால், மேலே உள்ளது விழுமா விழாதா என்பது தயாரிப்பாளர் சோதித்துப் போட்ட செலக்டிவிட்டி அட்டவணையில்தான் இருக்கும். இந்த எம்சிசிபிக்குக் கீழே இந்த எம்சிபி, இத்தனை கிலோ ஆம்பியர் வரை என்று ஜோடி ஜோடியாக இருக்கும். டிபியில் வரக்கூடிய ஃபால்ட் அந்த எண்ணுக்குள் இருந்தால் நிம்மதி. ஸ்டோரில் கையிருப்பு இல்லை என்று வேறு கம்பெனி எம்சிபியை மாட்டினால், அதே சி கர்வ், அதே ஆம்பியராக இருந்தாலும் அட்டவணை அந்த ஜோடிக்குப் பேசாது. ஐசியு, ஓ.டி. டிபி கதவுகளின் உள்பக்கம் மாடல் எண்ணை ஒட்டிவைத்திருக்கிறோம். அதைப் பார்க்காமல் இண்டென்ட் போட ஸ்டோர் ஒத்துக்கொள்ளாது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்று. மெயின் 0.3 நொடி காத்திருப்பதால், பேனலுக்குள்ளேயே ஆர்க் வந்தால் அந்த நேரம் முழுக்க எரியும். ஃபீடரும் மெயினும் சிக்னல் வயரில் பேசிக்கொள்ளும் ஜோன் இன்டர்லாக் போட்டால் இந்தக் காத்திருப்பு போய்விடும். அதற்கு இன்னும் பட்ஜெட் கிடைக்கவில்லை. அதுவரை, பேனல் கதவைத் திறந்து தெர்மல் கேமரா வைக்கும் நாளில் tsd-யைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்புகிறோம். வேலைக்கு முன்னும் பின்னும் டயலைப் போட்டோ எடுத்து, ஷிஃப்ட் பொறுப்பாளர் இரண்டையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் பெர்மிட் மூடப்படும்.