ஸ்டெப்-அப் இஎம்ஐ: எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்கள்

4 வருடம் முன்பு 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினேன், 8.5% வட்டி, 20 வருடம். சாதாரண இஎம்ஐ 26,035 ரூபாய், மொத்த வட்டி 32.48 லட்சம். இதற்குப் பதிலாக வருடம் 5% ஏறும் தவணை எடுக்கலாமா என்று யோசித்தபோதுதான், அதிலேயே இரண்டு வகை உண்டு என்று புரிந்தது.

முதல் வகையில் 20 வருடம் அப்படியே இருக்கும், ஆரம்பத் தவணை மட்டும் குறையும். நம் கணக்கில் அது 18,013 ரூபாய். பலர் இதை 240-ஆல் பெருக்கி 43 லட்சம்தானே, வட்டி 13 லட்சத்தில் முடிகிறதே என்று நினைத்துவிடுகிறார்கள். அது தப்பு. ஒவ்வொரு வருடத் தவணையையும் தனியாக 12-ஆல் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அசலைக் கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கட்டுவது 71.48 லட்சம், வட்டி 41.48 லட்சம். காரணம் எளிது: முதல் மாத வட்டியே 21,250 ரூபாய், கட்டுவதோ 18,013, மீதி 3,237 அசலில் ஏறிக்கொள்கிறது. 5 வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் கடன் 31.12 லட்சமாக நிற்கும், 9-வது வருடத்தில்தான் 30 லட்சத்துக்குக் கீழே இறங்கும். இடையில் வீட்டை விற்க நேர்ந்தால் வாங்கியதைவிட அதிகம் கட்டித்தான் பத்திரத்தை மீட்க வேண்டும்.

நான் எடுத்தது இரண்டாவது வகை. வழக்கமான 26,035-லேயே ஆரம்பித்து வருடா வருடம் 5% ஏற்றுவது. 12 வருடம் 3 மாதத்தில் கடன் முடிகிறது, வட்டி 20.77 லட்சம். ஏறும் விகிதம் அதே 5% தான், ஆரம்பிக்கும் இடம் மட்டும்தான் வேறு, அதற்கே வட்டியில் 20 லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

எக்செல்லில் வருடத்துக்கு ஒரு வரி போதும். வருடக் கடைசியில் மீதி எவ்வளவு என்பது இதில் வரும்:

```
=FV(8.5%/12,12,26035,-3000000)
```

விடை 29.40 லட்சம். அடுத்த வரியில் கடன் தொகைக்கு இந்த மீதி, தவணைக்கு 1.05 மடங்கு. மீதி மைனஸில் போகும் வருடத்தில் கடன் முடிகிறது, அந்த வருடத்துக்கு மட்டும் 12 மாதத்தையும் கூட்டாமல் மாதம் மாதமாகப் போட்டுப் பாருங்கள். மீதி போன வருடத்தைவிடக் கூடினால் தவணை வட்டிக்கே பத்தவில்லை என்று அர்த்தம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், என் அனுபவம் 4 வருடம்தான். இப்போது மீதி 26.21 லட்சம், சாதாரண தவணையில் 27.28 இருந்திருக்கும், அதாவது கடன் இதுவரை ஒரு லட்சம் சொச்சம் கூடுதலாகக் குறைந்திருக்கிறது, அதிலும் பெரும்பகுதி நான் கூடுதலாகக் கட்டிய பணம்தான். பெரிய பலன் பின்னால்தான் வருகிறது, 13-வது வருடத் தவணை 46,755 ரூபாய் என்பதால் சம்பளம் கூடவே ஏற வேண்டும். ஏறாத வருடம் தவணையை அப்படியே விட்டுவிட்டு, கையில் பணம் வரும்போது அசலில் கட்டலாம். தனிநபர் எடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. கட்டும்போது தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.