பழைய பி450 போர்டில் ரைசன் 5600: பயாஸ் ஏற்ற மூன்று வழிகள்

கானாடுகாத்தானில் இருக்கும் அக்கா மகனின் கேமிங் பிசி 2018 கடைசியில் வாங்கியது. ரைசன் 5 2600, எம்எஸ்ஐ பி450 டொமஹாக் போர்டு. கிராபிக்ஸ் கார்டை இடையில் மாற்றியாயிற்று. இப்போது பிராசஸர்தான் பின்னால் இழுக்கிறது, அதனால் ரைசன் 5 5600 போடலாம் என்று முடிவு. இரண்டுமே ஏஎம்4 சாக்கெட், இரண்டுமே 65 வாட். பொருந்துமா என்று கேட்டால் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் பி450 போர்டுகள் வந்தது 2018 ஜூலையில், 5600 வந்தது 2022 ஏப்ரலில். போர்டு பிறந்தபோது இந்தச் சிப்பே கிடையாது. கணினியைத் தொடக்கி வைக்கும் போர்டின் மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்காமல் போட்டால் மின்விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது.

ரைசன் சிப்களைத் தயாரிக்கும் ஏஎம்டி 2020 மே மாதம் முதலில் பி450 அடங்கிய 400 வரிசை போர்டுகளுக்கு, பின்னாளில் 5600 சேர்ந்த 5000 வரிசை சிப் கிடையாது என்றுதான் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் நிலையை மாற்றிக்கொண்டது. 400 வரிசைக்கான முதல் சோதனைப் பதிப்புகள் 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும்தான் வரத் தொடங்கின. ஆகவே பி450 போர்டின் பயாஸ் தேதி 2020 அல்லது அதற்கு முந்தையது என்றால், 5600-க்கு அது பெரும்பாலும் போதாது என்று தயாரிப்பாளர் தளத்தின் பட்டியலைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.

இருக்கும் பதிப்பைப் பார்க்கக் கணினியைத் திறக்கவே வேண்டாம். விண்டோஸில் `msinfo32` என்று தட்டினால் `BIOS Version/Date`, `BaseBoard Product` என்ற வரிகள் வரும். பவர்ஷெல் பழக்கம் உள்ளவர்களுக்கு:

```
Get-CimInstance Win32_BIOS | Select SMBIOSBIOSVersion, ReleaseDate
Get-CimInstance Win32_BaseBoard | Select Product, Version
```

இரண்டாவது வரியும் முக்கியம். ஒரே பெயரில் வேறு வேறு போர்டுகள் உண்டு. டொமஹாக் வேறு, டொமஹாக் மேக்ஸ் வேறு. முதலாவதில் பயாஸ் சிப் 16 எம்பி, மேக்ஸில் 32 எம்பி. இதன் பயாஸ் கோப்பு அதற்கு ஆகாது. வேறு சில நிறுவனங்களின் போர்டுகளில் பெயர் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும், ஓரத்தில் அச்சடித்த `REV` எண் மட்டும் மாறும். தயாரிப்பாளர் தளத்தில் அந்த எண்ணுக்கு உரிய பக்கத்தைத்தான் திறக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் பிராசஸர் பட்டியல் ஒன்று இருக்கும். 5600-க்கு நேரே எந்தப் பதிப்பிலிருந்து ஆதரவு என்று போட்டிருக்கும். 5600, 5600X, 5600G மூன்றும் தனித்தனி வரிகள், கண் தவறி அடுத்த வரியைப் படித்துவிடக் கூடாது. எம்எஸ்ஐ போர்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. தளத்தில் `7C02v1C` என்று இருப்பது விண்டோஸில் `1.C0` என்று தெரியும். அவர்கள் 9-க்குப் பிறகு எழுத்துக்குப் போகிறார்கள், அதனால் `1.90`-ஐ விட `1.C0` புதியது. "மாமா, நம்மகிட்ட 1.60 இருக்கு, அங்க 1-க்குப் பக்கத்துல ஏதோ எழுத்து போட்டிருக்கான்" என்று பையன் முழித்தது இதில்தான். தேதியையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

சரி, பதிப்பு பழையது என்று தெரிந்துவிட்டது. இனி மூன்று வழி. காரைக்குடியில் கடையில் கொடுப்பது, போர்டின் பின்பக்கத்தில் பயாஸ் ஏற்றவென்றே இருக்கும் பொத்தானை வைத்துப் பிராசஸரே இல்லாமல் ஏற்றுவது, பழைய பிராசஸரை வைத்தே வீட்டில் ஏற்றுவது. நாங்கள் செய்தது மூன்றாவது. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

கடை வழியை நான் குறை சொல்ல மாட்டேன். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே பயப்படுகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "உங்ககிட்ட பழைய ரைசன் சிப் ஒண்ணு கைவசம் இருக்கா?" புதிய சிப்பையும் வெறும் போர்டையும் கொண்டுபோய்க் கொடுத்தால், பொத்தான் இல்லாத போர்டில் அவர்களாலும் சாதாரணமாக ஏற்ற முடியாது. லேப்டாப் பழுது பார்க்கும் சில கடைகளில் CH341A என்ற சின்னக் கருவி இருக்கும். பயாஸ் சிப்பில் கிளிப் மாட்டி அதன் வழியாக நேராக எழுதலாம். போர்டு செத்தே போனால் காப்பாற்றுவது அதுதான், சாதாரணப் புதுப்பிப்புக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

பொத்தான் வழி பார்க்க எளிது. கோப்பின் பெயரை `MSI.ROM` என்று மாற்றி, `FAT32` ஆக்கிய பென்டிரைவில் போட்டு, அதற்கென்று குறித்த யுஎஸ்பி துளையில் செருக வேண்டும். பவர் சப்ளையின் 24 பின், 8 பின் இரண்டையும் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கும். பிராசஸரும் ரேமும் இல்லாமலே வேலை நடக்கும். மற்ற நிறுவனங்களில் கோப்புப் பெயர் வேறாக இருக்கும், சில பி450 போர்டுகளில் இந்தப் பொத்தானே கிடையாது. இந்த வழியில் எனக்குக் கை அனுபவம் குறைவு, இன்னொருவர் போர்டில் கூட நின்று பார்த்ததுதான். திரையில் எதுவும் தெரியாமல், விளக்கு மின்னுவதை வைத்து மட்டும் முடிந்ததா இல்லையா என்று ஊகிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. என் கணக்கில் அந்தப் பொத்தான் முதல் வழி ஆகாது, இன்சூரன்ஸ். வீட்டில் ஏற்றும்போது இடையில் ஏதாவது ஆகிவிட்டால் அதை வைத்து மறுபடி ஏற்றலாம்.

இனி நான் சாய்கிற வழி. இதில் எல்லாமே தொங்குவது ஒரே விஷயத்தில்: பழைய பிராசஸர் போர்டில் உட்கார்ந்திருக்கிறதா என்பது. நம் ஆட்கள் வழக்கமாகப் பழைய சிப்பை விற்று, அந்தக் காசைப் போட்டுத்தான் புதுசு வாங்குவார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். பழையதை விற்றாயிற்று, புதியதைப் போர்டு ஏற்கவில்லை, பொத்தானும் இல்லை என்றால் பழைய சிப் ஒன்றைத் தேடி அலைய வேண்டியதுதான். அதோடு, 2600, 3600, 5600 எதிலுமே உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. திரை வராதபோது கோளாறு கார்டிலா, ரேமிலா, பிராசஸரிலா என்று பிரித்துப் பார்க்கவும் பழைய சிப்தான் கையில் வேண்டும். டொமஹாக் போர்டில் CPU, DRAM, VGA, BOOT என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. புதிய சிப் போட்டதும் CPU விளக்கு அணையாமல் நின்றால் முதலில் பயாஸைச் சந்தேகப்படுங்கள். பழைய சிப்பைத் திருப்பிப் போட்டுப் படம் வந்தால் போர்டும் கார்டும் நலம். 5600-ஐத் திருப்பிக் கொடுக்க ஓடுவதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சில போர்டுகளின் புதிய பயாஸ், இடப் பற்றாக்குறையால் மிகப் பழைய சிப்களின் ஆதரவை விட்டுவிடும். சில பதிவிறக்கப் பக்கங்களில் முதல், இரண்டாம் தலைமுறை ரைசன் ஓடும் கணினியில் இதை ஏற்ற வேண்டாம் என்றே எழுதியிருக்கும். ஏற்றிய பிறகு பழைய சிப்பில் திரை வராமல் போகலாம், பழைய பதிப்புக்குத் திரும்பவும் முடியாமல் போகலாம். இன்னும் சிலவற்றில் நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவக் கூடாது, இடையில் ஒரு பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பதிப்புக்குக் கீழே இருக்கும் அந்த நாலு வரி விளக்கத்தை எல்லாரும் தாண்டிப் போவார்கள். இதற்காகவே அதை நின்று படிக்க வேண்டும். எங்கள் போர்டில் அந்தத் தடை இல்லை. 16 எம்பி சிப் என்பதால் பயாஸ் திரை மட்டும் எளிமையான பழைய வடிவத்துக்கு மாறியது.

மின்சாரத்துக்கு வருவோம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், அது ஆபத்தில்லை. மழைக்கு முன் ஒரு நொடி போய் வரும் கரண்ட்தான் ஆபத்து. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று தைரியமாக இருக்க வேண்டாம். பெரும்பாலும் அந்த லைன் விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான் போகும், கணினி பிளக்குக்கு வராது. வந்தாலும், இன்வெர்ட்டர் பின்னால் இருக்கும் சுவிட்ச் யுபிஎஸ் நிலையில் இல்லாவிட்டால் மாறும் அந்தக் கணத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடக்கூடும். நாங்கள் சிறிய 600 விஏ யுபிஎஸ் ஒன்றில் மாட்டினோம். பயாஸ் திரையில் கணினி இழுக்கும் மின்சாரம் கேம் ஓடும்போது இழுப்பதில் ஒரு பகுதிதான், அதற்கு இது தாராளம்.

செய்முறை சின்னதுதான். பென்டிரைவில் கோப்பு, `Delete` விசை, பிறகு எம்எஸ்ஐ பயாஸில் புதுப்பிப்பை ஏற்றும் பகுதியான `M-Flash`. கணினி ஒரு முறை ரீஸ்டார்ட் ஆகி, கோப்பைக் கேட்டு, சில நிமிடங்களில் முடிக்கும். அதற்கு முன் விண்டோஸில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரை நிறுத்தி வைத்து, மீட்புச் சாவியை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய சிப் போட்டதும், பிட்லாக்கர் நம்பியிருக்கும் பாதுகாப்புப் பகுதியான fTPM மாறிவிட்டது, அழிக்க Y, வைத்துக்கொள்ள N என்று ஒரு திரை வரலாம். சாவி கையில் இல்லாமல் Y அழுத்தினால் டிஸ்க் பூட்டிக்கொள்ளும்.

ஏற்றி முடித்ததும் உடனே சிப்பை மாற்றவில்லை. 2600-லேயே விண்டோஸுக்குள் போய் `msinfo32`-இல் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்தோம். அப்புறம் ஒரு கேமைக் கொஞ்ச நேரம் ஓட விட்டோம். சிப்பும் கூலரும் சூடாக இருந்தால் ஒட்டியிருக்கும் பேஸ்ட் இளகும். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை நேராக இழுக்காமல் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். ஏஎம்4-இல் நேராக இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து சிப்பே பிய்த்துக்கொண்டு வந்துவிடலாம், பின்கள் வளைந்தால் மறுவிற்பனை மதிப்பு போச்சு.

முதல் முறை திரை வர வழக்கத்தை விட நேரமாகும், ரேமைப் பழகிக்கொள்கிறது. பதறிப் பவரை அணைக்காதீர்கள். பயாஸ் புதுப்பித்ததில் பழைய அமைப்புகள் எல்லாம் போயிருக்கும். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் XMP அணைந்து 3200-க்குப் பதில் 2133 அல்லது 2400-இல் ஓடும். புதுப் பிராசஸர் போட்டும் வேகமில்லையே என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் பார்த்திருக்க மாட்டார்கள். எமுலேட்டர் ஓட்டுகிறவர்கள் அதற்குத் தேவையான SVM என்ற பயாஸ் அமைப்பையும் திரும்ப ஆன் செய்ய வேண்டும். இதெல்லாம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகுதான் 2600-ஐ விற்கக் கொடுத்தோம்.