கார்டு மாறியதும் நின்றுபோகும் கட்டணங்கள்: கார்டா, யுபிஐயா, வங்கிக் கணக்கா?

வங்கியிலிருந்து புதிய கார்டு வருகிறது. பழையதைக் கத்தரித்துக் குப்பையில் போடுகிறோம், பின் நம்பர் அமைக்கிறோம், கடையில் ஒருமுறை தேய்த்துப் பார்த்து வேலை செய்கிறது என்று திருப்தி அடைகிறோம். மாதாமாதம் தானாகப் போய்க்கொண்டிருந்த பிராட்பேண்ட் கட்டணமும் ஓடிடி சந்தாவும் அதே கார்டில்தான் இருந்தன என்பது, அவை நின்ற பிறகே நினைவுக்கு வருகிறது. புதிய எண்ணைக் கொடுத்து மறுபடி தொடங்கலாம். ஆனால் அடுத்த கார்டு வரும்போதும் இதே வேலை காத்திருக்கும். எதைக் கார்டிலேயே விட்டுவைப்பது, எதை யுபிஐ ஆட்டோபேவுக்கு மாற்றுவது, எதை இ-நாச் மூலம் நேரடியாக வங்கிக் கணக்கில் பதிவது என்று பிரித்துக்கொள்ள இதுதான் சரியான நேரம்.

இந்தியாவில் கார்டு மாறினால் கட்டணம் ஏன் இவ்வளவு எளிதாக அறுபடுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பல வெளிநாடுகளில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களே புதிய கார்டின் விவரத்தைச் சந்தா வசூலிப்பவருக்குச் சத்தமில்லாமல் அனுப்பிவிடும். வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாது. இங்கே 2022 அக்டோபர் 1 முதல், கார்டு வழங்கிய வங்கியையும் கார்டு நெட்வொர்க்கையும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. சந்தா வாங்கும் நிறுவனத்திடம் இருப்பது டோக்கன் மட்டுமே. அது உங்கள் கார்டுக்கும் அந்த நிறுவனத்துக்கும் மட்டும் பொருந்தும் ஒரு மாற்று எண். கார்டு புதுப்பிக்கப்பட்டாலோ மாற்றித் தரப்பட்டாலோ, முன்பு பதிந்த நிறுவனங்களோடு புதிய கார்டை இணைக்க வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதத்தை வங்கி கேட்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இந்தச் சம்மதத்தை எப்படிக் கேட்கிறார்கள், நம் கண்ணில் படும்படி கேட்கிறார்களா என்பதெல்லாம் வங்கிக்கு வங்கி மாறுபடுகிறது.

டோக்கன் ஓர் அடுக்கு என்றால் அதற்கு மேல் இன்னோர் அடுக்கும் உண்டு. தானாகப் பணம் எடுக்க நீங்கள் ஓடிபி கொடுத்துப் பதிந்த அனுமதி, அதாவது மேண்டேட், வங்கியிடம் தனியாக இருக்கிறது. டோக்கன் புதிய கார்டுக்கு மாறியிருந்தாலும் மேண்டேட் பழைய கார்டோடு தங்கிவிடலாம். சந்தாப் பக்கத்தைத் திறந்தால் புதிய கார்டின் கடைசி நான்கு எண்கள் அழகாகத் தெரியும். பணம் மட்டும் போகாது. வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் நிறுவனம் வங்கியைக் கைகாட்டும், வங்கி நிறுவனத்தைக் கைகாட்டும். அவரவர் அடுக்கு அவரவருக்குச் சரியாகத்தான் தெரிகிறது என்பதால் இருவருமே பொய் சொல்வதில்லை!

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும். நிறுவனத்தின் பெயர், தொகை, எடுக்கும் நாள் எல்லாம் அதில் இருக்கும். வழக்கமாக 5ஆம் தேதி பணம் போகும் சந்தாவுக்கு 4ஆம் தேதி வரை அந்தக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரவில்லை என்றால், அந்த மேண்டேட் உயிரோடு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பணம் தவறும் வரை காத்திருக்காமல் அன்றே புதிதாகப் பதிந்துவிடலாம். நிறுவனம் பிழைக் குறியீட்டைக் காட்டினால் அதுவும் உதவும்: 54 என்றால் காலாவதியான கார்டு, 14 என்றால் செல்லாத கார்டு எண், 51 என்றால் இருப்பு போதவில்லை. முதல் இரண்டும் வந்தால் மறுபடி மறுபடி முயல்வதில் பயனில்லை.

இத்தனை தொல்லை இருந்தும் கார்டை முழுதாகக் கைவிடச் சொல்ல மாட்டேன். கிரெடிட் கார்டில் தவறாக எடுத்த தொகையை மறுத்து வாதாட வழியிருக்கிறது; அதுவரை போவது நம் சேமிப்புக் கணக்கின் பணமும் அல்ல. டாலரில் வசூலிக்கும் வெளிநாட்டுச் சேவைகள் பலவற்றுக்குக் கார்டை விட்டால் வேறு வழியும் இல்லை. டெபிட் கார்டுக்கு இந்த நியாயங்கள் பொருந்தாது. பணம் போவது சேமிப்புக் கணக்கிலிருந்து. அறுபடுவது கார்டு மாறும்போது. இரண்டு பக்கத்துக் குறையும் அதில் சேர்ந்திருக்கின்றன. மாதாந்திரக் கட்டணம் எதையும் டெபிட் கார்டில் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

டெபிட் கார்டிலிருந்து நகர்த்தினால் பெரும்பாலான சிறு தொகைகளுக்கு யுபிஐ ஆட்டோபே போதும். 2020இல் வந்த இந்த வசதியில் மேண்டேட் உங்கள் யுபிஐ ஐடியோடும் அதன் பின்னால் உள்ள வங்கிக் கணக்கோடும் இணைகிறது. டெபிட் கார்டு தொலைந்து வேறு எண் வந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. யுபிஐ பின்னை முதலில் அமைக்க டெபிட் கார்டு எண்ணைக் கேட்டிருப்பார்கள் என்பதால் பலருக்கு இதில் ஐயம் வருகிறது. அது அமைக்கும்போது மட்டும்தான்; கார்டு மாறியதால் பழைய பின் செல்லாமல் போவதில்லை. விலக்கு ஒன்றே: யுபிஐயில் ரூபே கிரெடிட் கார்டை இணைத்து அதிலிருந்து ஆட்டோபே வைத்திருந்தால், அந்தக் கார்டு மாறும்போது பழைய சிக்கல் திரும்ப வரலாம்.

ஆட்டோபேவின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. கைப்பேசி எண்ணை மாற்றினால், செயலியில் அந்த யுபிஐ ஐடியை நீக்கினால், வேறு வங்கிக் கணக்குக்குப் போனால் மேண்டேட் தடுமாறும். கார்டு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது என்றால் செயலியை நாம் அதைவிட வேகமாக மாற்றுகிறோம். பணம் எடுக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. 2025 ஆகஸ்ட் முதல் நெரிசல் நேரங்களைத் தவிர்த்து, காலை 10 மணிக்கு முன்போ, பிற்பகல் 1 முதல் 5 மணிக்குள்ளோ, இரவு 9.30க்குப் பிறகோதான் எடுக்கிறார்கள். சம்பளம் மாலையில் வரும் நாளையே கட்டண நாளாக வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. நன்மை என்று பார்த்தால், செயலியின் ஆட்டோபே பகுதியில் எல்லா மேண்டேட்டுகளும் ஒரே பட்டியலாகத் தெரியும். வேண்டாததை நிறுவனத்திடம் கெஞ்சாமல் அங்கேயே நிறுத்தலாம்.

மூன்றாவது வழியான இ-நாச் வங்கிக் கணக்கு எண்ணிலேயே பதியப்படுவது. கடன் தவணைகளும் மியூச்சுவல் ஃபண்டு எஸ்ஐபிகளும் பெரும்பாலும் இதில்தான் போகின்றன. பதியும்போது நெட்பேங்கிங், டெபிட் கார்டு, ஆதார் ஆகியவற்றில் ஒன்றால் உங்களை உறுதிசெய்துகொள்வார்கள். டெபிட் கார்டால் உறுதிசெய்திருந்தால்கூட அது நீங்கள்தான் என்று காட்டவே. கார்டு மாறியதும் வீட்டுக் கடன் தவணை நின்றுவிடுமோ என்று பதறி வங்கிக்கு ஓட வேண்டியதில்லை.

இதன் உறுதியே இதன் ஆபத்தும். கார்டில் பணம் எடுக்க முடியாமல் போனால் பெரும்பாலும் சேவை நிற்கும், அவ்வளவுதான். நாச்சில் இருப்பு இல்லாமல் திரும்பினால் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்த நிறுவனம் இன்னொன்று போடும். இருப்பின்றித் திரும்பும் மின்னணுப் பரிமாற்றம், திரும்பிய காசோலையைப் போலவே வழக்குக்கு இழுக்கக்கூடியது. 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டத்தில் 25ஆவது பிரிவு அதற்கென்றே இருக்கிறது. நூற்று ஐம்பது ரூபாய்ச் சந்தாவை யாரும் இதில் கட்டிவைக்க வேண்டாம்.

ஒரு வீட்டுப் பட்டியலை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். டெபிட் கார்டு தொலைந்து புதிய எண் வந்திருக்கிறது. அதில் ஓடியவை: ஆண்டுக்கு 21,400 ரூபாய் டெர்ம் இன்ஷூரன்ஸ், மாதம் 1,061 ரூபாய் பிராட்பேண்ட், ஒரு ஓடிடி சந்தா, வீட்டுப் பெண் நடத்தும் சிறு தொழிலுக்கான இணையதள முகவரியின் ஆண்டுக் கட்டணம் (டாலரில்). இவை தவிர 5,000 ரூபாய் எஸ்ஐபி ஒன்று டெபிட் கார்டால் உறுதிசெய்த இ-நாச்சில் இருக்கிறது.

எஸ்ஐபியைத் தொடவே வேண்டாம். அவசரப்பட்டு அதை ரத்து செய்து புதிதாகத் தொடங்கினால், புதிய மேண்டேட் பதிவாகும் வரை ஒரு தவணை வீணாகப் போகும்.

இன்ஷூரன்ஸ்தான் இங்கே அதிகம் யோசிக்க வேண்டியது. கார்டிலோ யுபிஐயிலோ தானாக எடுக்கும் தொகைக்குப் பொதுவான உச்சவரம்பு 15,000 ரூபாய். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி அல்லது பின் வேண்டும். இன்ஷூரன்ஸ் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்டு, கிரெடிட் கார்டு பில் ஆகியவற்றுக்கு 2023 டிசம்பரில் அந்த வரம்பை ஒரு லட்சமாக உயர்த்தினார்கள். ஆகவே கார்டிலோ யுபிஐயிலோ வைப்பதற்கு விதியில் தடை இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் கட்டணம் அறுந்துபோனால் பதினொரு மாதம் யாருக்கும் தெரியாது. ஆயுள் காப்பீட்டில் ஆண்டுப் பிரீமியத்துக்குச் சலுகைக் காலம் 30 நாள். அதையும் தாண்டினால் பாலிசி காலாவதி. அதற்குள் கார்டும் மாறலாம், செயலியும் மாறலாம். கணக்கு எண் மாறுவது அரிது. இதை இ-நாச்சில் பதிந்து, அந்த மாதம் இருப்பைப் பார்த்துக்கொள்வதே சரி.

பிராட்பேண்டும் ஓடிடியும் யுபிஐ ஆட்டோபேவுக்கு. இணையதள முகவரி கிரெடிட் கார்டுக்கு. கார்டில் மிஞ்சும் அந்த ஒன்றுக்காக, கார்டு காலாவதியாகும் மாதத்தை நாட்காட்டியில் குறித்துவைத்தால் போதும். பட்டியல் ஒன்றாகச் சுருங்கியதுதான் இந்த ஏற்பாட்டின் உண்மையான லாபம்.

மாற்றும்போது வரிசை முக்கியம். புதிய வழியைப் பதிந்துவிட்டுப் பழையதை அப்படியே விட்டால் இரட்டைக் கட்டணத்துக்கு இடமுண்டு. செத்துவிட்டதாக நினைத்த மேண்டேட்டை வங்கியே புதிய கார்டோடு இணைத்துவிட்டால், ஒரே மாதத்தில் கார்டிலிருந்து ஒன்றும் யுபிஐயிலிருந்து ஒன்றுமாகப் போகும். நிறுவனத்தின் பக்கத்தில் புதிய வழி பதிவாகி, முதல் தவணை அதில் போனதும், வங்கியின் செயலியிலோ நெட்பேங்கிங்கிலோ கார்டு மேண்டேட் பட்டியலைத் திறந்து பழையதை ரத்து செய்யுங்கள். எந்த நேரத்திலும் ரத்து செய்யும் வசதியை இணையவழியாகத் தர வேண்டியது வங்கியின் கடமை. அதற்குள் முன்னறிவிப்புச் செய்தி இரண்டு இடத்திலிருந்தும் வந்துவிட்டால், பணம் போவதற்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. பழையதை அன்றே நிறுத்திவிடலாம்.